அதிக மாதம்: நிலவின் மாதமும் கதிரவனின் ஆண்டும் (ஸ்ரீரங்கம் விழாக்களை முன்வைத்து)

நிலவைக் கொண்டு மாதத்தையும் கதிரவனைக் கொண்டு ஆண்டையும் கணக்கிடும் நாள்காட்டிகளில், இரண்டும் ஒன்றைவிட்டு ஒன்று விலகிப் போகாமல் இருக்கச் சில ஆண்டுகளில் ஒரு மாதம் கூடுதலாகச் சேர்க்கப்படுகிறது. அந்தக் கூடுதல் மாதமே அதிக மாதம். வடமொழியில் அதிமாசம் என்றும், சுபகாரியங்களுக்கு ஏற்றதல்ல என்ற வழக்கால் மல மாதம் என்றும் இதைச் சொல்வர். பாபிலோனியர், கிரேக்கர், சீனர், யூதர், இந்தியர் எனப் பல பழைய சமூகங்கள் இந்த வழியைக் கையாண்டன.

தமிழ்நாட்டில் மாதங்கள் கதிரவனைச் சார்ந்தவை. சித்திரை முதல் பங்குனி வரை எந்த மாதமும் இருமுறை வருவதில்லை. ஆகவே அதிக மாதம் நமக்குத் தொடர்பில்லாதது என்று தோன்றலாம். ஆனால் நம் விழாக்களில் பெரும்பாலானவை திதியையும் நட்சத்திரத்தையும், அதாவது நிலவைச் சார்ந்தவை. அதனால் அதே சிக்கல் வேறு வடிவில் இங்கும் எழுகிறது. 2021-ஆம் ஆண்டில் ஸ்ரீரங்கத்தில் வைகுண்ட ஏகாதசி மார்கழிக்குப் பதிலாகக் கார்த்திகையில் நடந்தது அதற்கு நல்ல சான்று. அதைப் புரிந்துகொள்ளத் தேவையான கணக்கை இக்கட்டுரை படிப்படியாக விளக்குகிறது.

இரண்டு கடிகாரங்கள்

ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் படித்துறையில் ஆடி மாதத்தில் இரண்டு நாள்கள் பெருங்கூட்டம் சேரும். ஒன்று ஆடிப் பதினெட்டு, மற்றொன்று ஆடி அமாவாசை. ஆடிப் பதினெட்டு எந்த ஆண்டிலும் ஆகஸ்ட் 2 அல்லது 3-ஆம் தேதியில் வரும். ஆடி அமாவாசையோ ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடு வரை எங்கு வேண்டுமானாலும் வரும். முதல் நாள் கதிரவன் என்ற கடிகாரத்தைப் பார்த்துக் குறிக்கப்படுவது. இரண்டாவது நிலவு என்ற கடிகாரத்தைப் பார்த்துக் குறிக்கப்படுவது.

ஓர் அமாவாசையிலிருந்து அடுத்த அமாவாசை வரை சராசரியாக 29.53 நாள்கள். இப்படிப் பன்னிரண்டு மாதங்கள் சேர்ந்தால் 354.37 நாள்கள். கதிரவன் ஒரு நட்சத்திர இடத்திலிருந்து புறப்பட்டு அதே இடத்துக்குத் திரும்ப எடுப்பது 365.26 நாள்கள். தமிழ் ஆண்டின் அளவும் ஏறத்தாழ இதுவே. இரண்டுக்கும் உள்ள இடைவெளி ஓர் ஆண்டுக்கு 10.89 நாள்கள், அதாவது ஏறக்குறைய 11 நாள்கள்.

இந்த இடைவெளியைச் சரிசெய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்பதை ரமலான் மாதத்தில் காணலாம். இஸ்லாமிய நாள்காட்டி பன்னிரண்டு பிறை மாதங்களை மட்டுமே ஓர் ஆண்டாகக் கொள்கிறது. அதில் கூடுதல் மாதம் சேர்ப்பதில்லை. எனவே ரமலான் ஆண்டுதோறும் சுமார் 11 நாள்கள் முன்னே நகர்ந்து, ஏறக்குறைய 33 ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் கடந்து, தொடங்கிய பருவத்துக்கே வந்து சேரும். கோடையில் நோன்பு நோற்ற ஒருவர் பதினாறு ஆண்டுகள் கழித்து மழைக்காலத்தில் நோன்பு நோற்பார். வழிபாட்டுக்கு இது தடையன்று. ஆனால் விதைப்பும் அறுவடையும் வரிவசூலும் மாதப் பெயரைக் கொண்டு நடக்கும் நாட்டில், மாதம் பருவத்தை விட்டு நகர்ந்தால் கணக்கு குழம்பும்.

ஐந்து ஆண்டுக் கணக்கும் பத்தொன்பது ஆண்டுக் கணக்கும்

தொடக்க காலத்தில் கூடுதல் மாதம் சேர்ப்பதற்கு நிலையான விதி இருக்கவில்லை. பருவம் பின்தங்கியது தெரிந்தவுடன் அரசன் ஆணையிட்டு ஒரு மாதத்தைச் சேர்ப்பான். பாபிலோன் மன்னன் ஹம்முராபி தன் அதிகாரி ஒருவருக்கு அனுப்பிய கடிதம் களிமண் பலகையில் கிடைத்துள்ளது. அதில் அவன் உலூலு என்ற மாதத்தை இரண்டாம் முறையாகக் கணக்கில் கொள்ளச் சொல்கிறான். அதோடு, அடுத்த மாதம் 25-ஆம் நாள் செலுத்த வேண்டிய வரியைக் கூடுதல் மாதத்தின் 25-ஆம் நாளிலேயே செலுத்திவிட வேண்டும் என்றும் கட்டளையிடுகிறான். நாள்காட்டியில் ஒரு மாதம் கூடினாலும் வரி ஒரு மாதம் தள்ளிப்போகக் கூடாது என்பது அவன் கவலை.

இந்தியாவில் கிடைக்கும் பழைய விதி வேதாங்க ஜோதிடத்தில் உள்ளது. இலகதர் இயற்றியதாகச் சொல்லப்படும் அந்நூல் ஐந்து ஆண்டுகளை ஒரு யுகமாகக் கொள்கிறது. ஓர் ஆண்டுக்கு 366 நாள்கள் வீதம் ஒரு யுகத்துக்கு 1830 நாள்கள். அதற்குள் 62 நிலவு மாதங்கள். ஐந்து ஆண்டுகளுக்கு 60 மாதங்கள்தான் இயல்பு என்பதால் இரண்டு மாதங்கள் கூடுதல். யுகத்தின் நடுவில் ஒன்றும் முடிவில் ஒன்றும் சேர்ப்பார்கள்.

இந்தக் கணக்கைச் சோதித்துப் பார்க்கலாம். 62 நிலவு மாதங்களுக்கு உண்மையில் 1830.9 நாள்கள். நூல் சொல்லும் 1830-க்கு இது மிக அருகில் உள்ளது. ஆனால் ஐந்து கதிரவ ஆண்டுகளுக்கு உண்மையில் 1826.3 நாள்கள்தான். ஆகவே ஒவ்வொரு யுகத்திலும் நிலவு மாதங்கள் கதிரவனைவிட நாலரை நாள்களுக்கு மேல் கூடுதலாகி விடுகின்றன. ஆறு யுகங்களில், அதாவது முப்பது ஆண்டுகளில், இந்த மிகுதி ஏறத்தாழ ஒரு முழு மாதமாகிவிடும். அப்போது சேர்க்க வேண்டிய ஒரு மாதத்தைச் சேர்க்காமல் விட்டால்தான் பருவம் சரியாகும். நிலவை நன்றாகவும் கதிரவனைச் சற்றுக் குறைவாகவும் அளந்ததால் ஏற்பட்ட பிழை இது.

இதைவிடச் சிறந்த பொருத்தத்தைத் தந்தது பத்தொன்பது ஆண்டுக் கணக்கு. பாபிலோனியர் கி.மு. 5-ஆம் நூற்றாண்டு அளவில் இதை முறையாகப் பின்பற்றத் தொடங்கினர். ஏதென்ஸ் நகரில் மெட்டோன் என்பவர் கி.மு. 432-இல் இதை அறிவித்ததால் மெட்டோன் சுழற்சி என்ற பெயரும் உண்டு. பத்தொன்பது ஆண்டுகளுக்கு இயல்பாக 228 மாதங்கள். அவற்றோடு 7 மாதங்களைச் சேர்த்தால் 235 மாதங்கள். 235 நிலவு மாதங்களுக்கு 6939.69 நாள்கள். பருவத்தைச் சார்ந்த 19 ஆண்டுகளுக்கு 6939.60 நாள்கள். வேறுபாடு இரண்டு மணி நேரம் மட்டுமே.

இதற்கு எளிய சான்று ஒன்று உண்டு. இந்திய நேரப்படி 1984 ஜனவரி 18, 2003 ஜனவரி 18, 2022 ஜனவரி 18 ஆகிய மூன்று நாள்களிலும் பௌர்ணமி. மூன்றுக்கும் இடையே சரியாகப் பத்தொன்பது ஆண்டுகள். பழைய நாள்காட்டிகளை எடுத்துத் தம் பிறந்த நாளின் திதியைப் பத்தொன்பதாம் வயதிலும் முப்பத்தெட்டாம் வயதிலும் பார்ப்பவர்களுக்கும் இந்த ஒற்றுமை தெரியும். சில வேளை ஒரு நாள் முன்பின்னாகலாம்.

சங்கிராந்தி இல்லாத மாதம்

இந்தியச் சித்தாந்த நூல்கள் பத்தொன்பது ஆண்டுப் பட்டியலை நம்பி இருக்கவில்லை. எந்த மாதம் கூடுதல் என்பதை வானமே சொல்லும்படி ஒரு விதியை அமைத்தன. கதிரவன் ஒரு ராசியிலிருந்து அடுத்த ராசிக்குச் செல்வது சங்கிராந்தி. அதுவே தமிழ் மாதப் பிறப்பு. ஓர் அமாவாசைக்கும் அடுத்த அமாவாசைக்கும் இடையே பொதுவாக ஒரு சங்கிராந்தி நிகழும். எந்த நிலவு மாதத்தில் சங்கிராந்தியே நிகழவில்லையோ அது அதிக மாதம். இவ்வளவுதான் விதி.

2023-ஆம் ஆண்டு ஆடியில் இது நடந்தது. ஜூலை 17 விடியற்காலையில் கதிரவன் கடக ராசியில் நுழைந்தது. ஆடி பிறந்தது. அன்று நள்ளிரவைக் கடந்த இரண்டொரு நிமிடத்தில் அமாவாசை முடிந்து புதிய நிலவு மாதம் தொடங்கியது. அந்த நிலவு மாதம் ஆகஸ்ட் 16 பிற்பகல் 3 மணி அளவில் முடிந்தது. கதிரவன் சிம்ம ராசியில் நுழைந்தது மறுநாள், ஆகஸ்ட் 17 பிற்பகலில். முந்தைய சங்கிராந்தி நிலவு மாதம் தொடங்குவதற்குச் சுமார் 19 மணி நேரம் முன்பே முடிந்துவிட்டது. அடுத்த சங்கிராந்தி நிலவு மாதம் முடிந்து ஏறக்குறைய ஒரு நாள் கழித்தே வந்தது. இடைப்பட்ட நிலவு மாதத்தில் சங்கிராந்தி இல்லை.

திருச்சியில் வாழும் தெலுங்கு, கன்னட மொழிக் குடும்பங்களின் பஞ்சாங்கத்தில் இந்த மாதத்துக்கு அதிக சிராவணம் என்று பெயர். அடுத்து வந்ததே உண்மையான சிராவணம், அதாவது நிஜ சிராவணம். அதனால்தான் அவ்வாண்டு வரலட்சுமி நோன்பு ஆகஸ்ட் 25 வரை தள்ளிப்போனது. தமிழ்ப் பஞ்சாங்கத்தில் புதிய மாதம் எதுவும் தோன்றவில்லை. அதற்குப் பதிலாக ஆடி என்ற ஒரே மாதத்துக்குள் ஜூலை 17, ஆகஸ்ட் 16 என இரண்டு அமாவாசைகள் அமைந்தன. எது ஆடி அமாவாசை என்ற கேள்வி எழுந்தது. பரவலாக இரண்டாவதையே, அதாவது ஆகஸ்ட் 16-ஐயே, ஆடி அமாவாசையாகக் கொண்டனர்.

ஒரு மாதத்துக்குள் இரண்டு அமாவாசைகள் அடங்க வேண்டுமானால் அந்தத் தமிழ் மாதம் 29.53 நாள்களைவிட நீளமாக இருக்க வேண்டும். தமிழ் மாதங்கள் எல்லாம் ஒரே நீளம் உடையவை அல்ல. ஜூலைத் தொடக்கத்தில் பூமி கதிரவனிலிருந்து மிகத் தொலைவில் இருப்பதால் மெதுவாக நகர்கிறது. ஆனி மாதம் 31 நாள் 14 மணிக்கு மேல் நீள்கிறது. ஜனவரித் தொடக்கத்தில் மிக அருகில் இருப்பதால் விரைந்து நகர்கிறது. மார்கழி 29 நாள் 8 மணி அளவில் முடிந்துவிடுகிறது. ஆகவே அதிக மாதங்கள் பெரும்பாலும் பங்குனி முதல் ஐப்பசி வரையிலான காலத்தில் வருகின்றன. மார்கழி, தை அளவில் வருவது அரிது.

இதற்கு நேர்மாறான நிகழ்வும் உண்டு. மார்கழி நிலவு மாதத்தைவிடச் சற்றுக் குறுகியது என்பதால், மிக அரிதாக ஒரே நிலவு மாதத்தில் இரண்டு சங்கிராந்திகள் அமைந்துவிடும். அப்போது ஒரு மாதப் பெயர் விட்டுப்போகும். இதற்கு க்ஷய மாதம் என்று பெயர். 1963-64-இலும் 1982-83-இலும் இது நிகழ்ந்தது. இவ்விரண்டுக்கும் இடையிலும் பத்தொன்பது ஆண்டுகளே. க்ஷய மாதம் வரும் ஆண்டில் அதற்கு முன் ஒன்றும் பின் ஒன்றுமாக இரண்டு அதிக மாதங்கள் வருவதால் மொத்தக் கணக்கு தவறுவதில்லை.

வைகுண்ட ஏகாதசியின் நகர்வு

தமிழ் முறையில் அதிக மாதம் பெயரளவில் இல்லாவிட்டாலும் அதன் வேலை நடந்துகொண்டே இருக்கிறது. வைகுண்ட ஏகாதசி என்பது மார்கழி மாதத்தில் வரும் வளர்பிறை ஏகாதசி. ஏகாதசி நிலவைச் சார்ந்தது, மார்கழி கதிரவனைச் சார்ந்தது. அண்மை ஆண்டுகளில் அது பொதுவாக அனுசரிக்கப்பட்ட நாள்களை வரிசையாகப் பார்ப்போம்.

- 2020 ஜனவரி 6
- 2020 டிசம்பர் 25 (354 நாள்கள் கழித்து)
- 2022 ஜனவரி 13 (384 நாள்கள் கழித்து)
- 2023 ஜனவரி 2 (354 நாள்கள் கழித்து)
- 2023 டிசம்பர் 23 (355 நாள்கள் கழித்து)
- 2025 ஜனவரி 10 (384 நாள்கள் கழித்து)
- 2025 டிசம்பர் 30 (354 நாள்கள் கழித்து)

354 அல்லது 355 நாள்கள் என்பது பன்னிரண்டு நிலவு மாதங்கள். 384 நாள்கள் என்பது பதின்மூன்று நிலவு மாதங்கள். ஏகாதசி ஆண்டுதோறும் 11 நாள்கள் முன்னே நகர்கிறது. இன்னும் ஒரு முறை நகர்ந்தால் மார்கழிக்கு வெளியே, கார்த்திகையில் விழுந்துவிடும் என்ற நிலை வரும்போது, அடுத்த நிலவு மாதத்து ஏகாதசி எடுத்துக்கொள்ளப்படுகிறது. அந்த இடத்தில்தான் பதின்மூன்றாவது மாதம் நுழைகிறது. மாதத்தைச் சேர்க்கிறோம் என்று யாரும் அறிவிப்பதில்லை. மார்கழி என்ற கதிரவ மாதம் ஒரு பெட்டிபோல் நின்று, அதற்குள் விழும் ஏகாதசியை மட்டும் ஏற்றுக்கொள்கிறது. இப்படிப் பத்தொன்பது ஆண்டுகளில் ஏழு முறை 384 நாள் இடைவெளி வரும்.

ஆங்கில ஆண்டைக் கொண்டு பார்ப்பவர்களுக்கு இது விந்தையாகத் தெரியும். 2020, 2023, 2025 ஆகிய ஆண்டுகளில் ஜனவரியில் ஒன்றும் டிசம்பரில் ஒன்றுமாக இரண்டு வைகுண்ட ஏகாதசிகள். 2021, 2024 ஆகிய ஆண்டுகளில் மேற்கண்ட வரிசைப்படி ஒன்றுகூட இல்லை.

2021-இல் ஸ்ரீரங்கம் எடுத்த முடிவு

ஸ்ரீரங்கத்தில் ஏகாதசி ஒரு நாள் விழா அன்று. ஏகாதசிக்கு முன் பத்து நாள்கள் பகல் பத்து. ஏகாதசியன்று அதிகாலையில் பரமபத வாசல் திறப்பு. அன்றிலிருந்து பத்து நாள்கள் இராப்பத்து. நம்பெருமாள் இந்த நாள்கள் முழுவதும் ஆயிரங்கால் மண்டபத்துக்கும் பிற மண்டபங்களுக்கும் எழுந்தருள்வதும், அரையர் சேவையும், திவ்வியப் பிரபந்த ஓதலும் ஒன்றோடொன்று பிணைந்தவை. எனவே ஏகாதசி நாள் மாறினால் மூன்று வார நிகழ்ச்சிகளும் சேர்ந்தே நகரும்.

இதற்கு அடுத்துத் தை மாதத்தில் பூபதித் திருநாள் வருகிறது. அதன் முக்கிய நிகழ்ச்சியான தைத்தேர் புனர்பூச நட்சத்திரத்தைச் சார்ந்தது. கொடியேற்றம் அதற்கு ஒரு வாரத்துக்கு மேல் முன்னதாகவே நடந்துவிடும். இரண்டு பெருவிழாக்களும் ஒரே உற்சவ மூர்த்தியைக் கொண்டு நடப்பவை. ஒன்று முடிந்த பின்பே மற்றது நடக்க முடியும்.

2022 ஜனவரி 13-ஐ ஏகாதசியாகக் கொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பார்ப்போம். அது மார்கழி 29, மார்கழியின் கடைசி நாள். பகல் பத்து ஜனவரி 3-இல் தொடங்கியிருக்கும். இராப்பத்து ஜனவரி 22 வரை, அதாவது தை 9 வரை நீண்டிருக்கும். அவ்வாண்டு தையில் புனர்பூசம் வந்தது ஜனவரி 17-ஐ ஒட்டி, தை 4-இல். இராப்பத்தின் நடுவில் தேர் வந்து நின்றிருக்கும்.

தேரைத் தள்ளிவைக்கலாமே என்று கேட்கலாம். இங்குதான் நிலவின் மற்றொரு அளவு குறுக்கிடுகிறது. நிலவு ஒரு நட்சத்திரத்திலிருந்து கிளம்பி அதே நட்சத்திரத்துக்குத் திரும்ப 27.3 நாள்கள் ஆகும். தை மாதத்தின் நீளம் ஏறக்குறைய 29.5 நாள்கள். ஆகவே ஒரு நட்சத்திரம் தையின் முதல் இரண்டு நாள்களில் வந்தால் மட்டுமே, அதே தையின் இறுதியில் மீண்டும் ஒருமுறை வரும். 2022-இல் புனர்பூசம் தை 4-இல் வந்துவிட்டதால், அடுத்த முறை வந்தபோது பிப்ரவரி 13. அன்று மாசி பிறந்துவிட்டது. தையில் இரண்டாவது புனர்பூசம் இல்லை.

2025-ஐ இதனுடன் ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவாகும். அவ்வாண்டு ஏகாதசி ஜனவரி 10-இல், மார்கழி 26-இல் வந்தது. இராப்பத்து தையின் முதல் வாரத்துக்குள் நீண்டது. புனர்பூசமும் தை 1 காலையிலேயே வந்தது. ஆனால் அது தையின் தொடக்கத்தில் வந்ததால், பிப்ரவரி 9, 10 நாள்களில், தை இறுதியில், மீண்டும் ஒரு புனர்பூசம் கிடைத்தது. அதனால் மார்கழி ஏகாதசியை மாற்ற வேண்டிய தேவை எழவில்லை.

2021-22-இல் அந்த வசதி இல்லை. ஆகவே ஸ்ரீரங்கத்தில் ஒரு நிலவு மாதம் முன்னதாக, 2021 டிசம்பர் 14 அன்று, கார்த்திகை 28-இல் பரமபத வாசல் திறக்கப்பட்டது. மற்ற பல வைணவக் கோயில்களில் 2022 ஜனவரி 13 அன்றே வைகுண்ட ஏகாதசி நடந்தது. ஸ்ரீரங்கத்தின் வரிசையை மட்டும் எடுத்தால் 2020 டிசம்பர் 25, 2021 டிசம்பர் 14, 2023 ஜனவரி 2 என வரும். இடைவெளிகள் 354 நாள்கள், 384 நாள்கள். மற்ற இடங்களில் முதலில் சேர்ந்த பதின்மூன்றாவது மாதம் இங்கே ஓர் ஆண்டு கழித்துச் சேர்ந்தது. மொத்தம் மாறவில்லை. சேர்த்த இடம்தான் மாறியது.

கோயில் வழக்கில் இது பத்தொன்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை வருவதாகச் சொல்லப்படுகிறது. அந்த எண் ஏன் என்பது இப்போது விளங்கும். பத்தொன்பது ஆண்டுகளில் நிலவு 235 முறை அமாவாசையைக் கடக்கிறது. நட்சத்திர வட்டத்தை 254 முறை சுற்றுகிறது. இரண்டும் ஏறத்தாழ முழு எண்கள். ஆகவே பத்தொன்பது ஆண்டுகள் கழித்துத் திதியும் நட்சத்திரமும் தமிழ்த் தேதியும் மூன்றும் பழையபடி ஒன்றுகூடுகின்றன. மார்கழியின் கடைசி நாள் ஏகாதசியும், தை 4-ஐ ஒட்டிய ஒற்றைப் புனர்பூசமும் சேர்ந்தே திரும்பி வருகின்றன. 2003 ஜனவரியிலும் இதே அமைப்பு இருந்தது. கணக்கின்படி அடுத்து வரக்கூடியது 2040 டிசம்பர்.

இந்தச் சுழற்சியின் எல்லை

பத்தொன்பது ஆண்டுக் கணக்கு என்றென்றும் மாறாமல் நிற்பதன்று. மேலே சொன்ன இரண்டு மணி நேர வேறுபாடு பருவ ஆண்டோடு ஒப்பிட்டது. தமிழ் ஆண்டு நட்சத்திர ஆண்டைச் சார்ந்தது, சற்று நீளமானது. பத்தொன்பது நட்சத்திர ஆண்டுகளுக்கு 6939.87 நாள்கள். 235 நிலவு மாதங்களுக்கு 6939.69 நாள்கள். வேறுபாடு ஏறக்குறைய நாலரை மணி நேரம். ஒவ்வொரு சுழற்சியிலும் திதி தமிழ் மாதத்துக்குள் நாலரை மணி முன்னே நகர்கிறது. நூறு ஆண்டுகளுக்குச் சற்று மேல் கடந்தால் ஒரு நாள் நகர்ந்துவிடும். மார்கழி 29-இல் விழுந்த ஏகாதசி 28-இல் விழும், புனர்பூசமும் முன்னே வரும். அப்போது விதிவிலக்கு வேறு ஆண்டுகளுக்கு மாறலாம். ஆகவே பத்தொன்பது என்பது எதிர்பார்ப்புக்கு உதவும் எண். முடிவு சொல்ல வேண்டியது அந்தந்த ஆண்டின் பஞ்சாங்கமே.

சூரிய சித்தாந்தம் இதை உணர்ந்து மிகப் பெரிய எண்களைப் பயன்படுத்துகிறது. 43,20,000 ஆண்டுகளில் 15,93,336 அதிக மாதங்கள் என்பது அதன் கணக்கு. வகுத்துப் பார்த்தால் சராசரியாக முப்பத்திரண்டரைத் தமிழ் மாதங்களுக்கு ஓர் அதிக மாதம். பத்தொன்பது ஆண்டுகளுக்கு 7.008 மாதங்கள். ஏழுக்கு மேல் உள்ள அந்தச் சிறு பின்னமே மேலே கண்ட நகர்வு.

மற்றோர் எல்லையும் உண்டு. வாக்கியப் பஞ்சாங்கமும் திருக்கணிதப் பஞ்சாங்கமும் திதி முடியும் நேரத்தில் சில மணி நேரம் வேறுபடுவதுண்டு. 2023 ஆடியில் சங்கிராந்திக்கும் அமாவாசைக்கும் இடையே 19 மணி நேரம் இருந்ததால் ஐயத்துக்கு இடமில்லை. இரண்டும் ஒன்றிரண்டு மணி நேர இடைவெளியில் அமைந்தால், ஒரு பஞ்சாங்கத்தில் அதிக மாதமாக இருப்பது மற்றதில் அப்படி இல்லாமல் போகலாம். இரு பஞ்சாங்கங்கள் முரண்படும்போது சங்கிராந்தி நேரத்தையும் அமாவாசை நேரத்தையும் அருகருகே எழுதிப் பார்த்தால் காரணம் தெரிந்துவிடும்.

கல்வெட்டுகளின் காலம்

இந்தச் சுழற்சி வரலாற்று ஆய்வாளருக்குச் சிக்கலையும் தருகிறது, வழியையும் தருகிறது. தமிழ்நாட்டுக் கோயில் கல்வெட்டுகள் பலவற்றில் மன்னனின் ஆட்சியாண்டு, மாதம், பிறை, திதி, கிழமை, நட்சத்திரம் ஆகியவை இருக்கும். திதி, நட்சத்திரம், மாதம் மூன்றும் பொருந்தும் நாள் பத்தொன்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப வரும். அவற்றை மட்டும் கொண்டு ஆண்டைத் தீர்மானிக்க முடியாது. அங்கே உதவுவது கிழமை. பத்தொன்பது ஆண்டுகளின் நாள்களான 6940-ஐ ஏழால் வகுத்தால் மீதி மூன்று வரும். அதனால் கிழமை மட்டும் மாறிவிடும். முன்பு கண்ட மூன்று பௌர்ணமிகளும் இதைக் காட்டும். 1984 ஜனவரி 18 புதன், 2003 ஜனவரி 18 சனி, 2022 ஜனவரி 18 செவ்வாய். ஒவ்வொரு முறையும் மூன்று கிழமைகள் தாவியுள்ளன.

எல். டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை 1922-இல் வெளியிட்ட இந்திய எபிமெரிஸ் என்ற பன்னூற்றாண்டுப் பஞ்சாங்கத் தொகுதிகள் இவ்வகைச் சரிபார்ப்புக்காகவே தொகுக்கப்பட்டவை. கல்வெட்டில் உள்ள திதியும் கிழமையும் எந்த ஆண்டில் ஒன்றுசேர்கின்றன என்பதை அத்தொகுதிகளில் தேடி ஆட்சியாண்டை உறுதிசெய்யலாம். அவ்வாறு தேடும்போது அந்த ஆண்டில் அதிக மாதம் வந்ததா என்பதை முதலில் பார்க்க வேண்டும். அதைக் கவனிக்காவிட்டால் திதி சரியாக இருந்தும் மாதம் ஒன்று தவறிவிடும்.